லண்டனில் மடங்கும் நாக்கு

போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கரையோரங்களில் குடியேறியபோது அவர்களுடைய சொற்கள் சிலவும் இங்கே தங்கிவிட்டன. பாதிரி, கிராதி, கடுதாசி மூன்றும் அந்த வழியில் வந்தவை. முதல் இரண்டு சொற்களின் மூலத்திலும் ரோமன் அரிச்சுவடியின் நான்காம் எழுத்து இருக்கிறது. தமிழ்க் காது அதைத் தயக்கமின்றி ‘த’ என்று கேட்டுக்கொண்டது. பிறகு ஆங்கிலேயர் அதே நான்காம் எழுத்தோடு வந்தார்கள். இந்த முறை டாக்டர், டஜன், டிப்போ, ஆர்டர் என்று ‘ட’ ஆயிற்று. ஆஸ்பத்திரி, லாந்தர் போலச் சில பழைய சொற்கள் மட்டும் ‘த’ பக்கம் ஒதுங்கின.

எழுத்து மாறவில்லை, கேட்ட காதும் மாறவில்லை. மாறியது ஒலி பிறக்கும் இடம். போர்ச்சுக்கீசியர் அந்த எழுத்தை ஒலிக்கும்போது நாக்கு மேற்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. நம் ‘த’வும் அங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலேயர் நாக்கு பல்லைத் தொடுவதில்லை. பல்லுக்குச் சற்றுப் பின்னே ஈறு புடைத்து நிற்கும் மேட்டை அது தொடுகிறது. இதைப் பல்முகடு என்று சொல்லலாம். இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த மேட்டில் பிறக்கும் வல்லின ஒலி எதுவும் இல்லை. அதனால் ஆங்கில ஒலி இடம் தேடி இன்னும் பின்னே போய் ‘ட’வில் ஒட்டிக்கொண்டது.

‘ட’ எவ்வளவு பின்னே பிறக்கிறது என்பதை ‘அண்ணன்’ என்ற சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தால் உணரலாம். ‘ண்ண’ வரும்போது நாக்கின் நுனி மேல்நோக்கி மடங்கி, வாயின் கூரை வளையத் தொடங்கும் இடத்தைத் தொடும். கடைசி ‘ன்’ வரும்போது அதே நுனி முன்னே வந்து பல்முகட்டில் அமரும். ஒரே சொல்லில் நாக்கு இரண்டு இடங்களுக்கும் போய் வந்துவிடுகிறது. ‘ண’ பிறக்கும் இடமே ‘ட’வின் இடம். ‘ன’ பிறக்கும் இடம் ஆங்கிலேயர் வல்லொலியின் இடம்.

இந்திய மொழிகளுக்குள்ளும் ‘ட’ ஒரே மாதிரி இல்லை. பீட்டர் லடேஃபோகட், பெரி பாஸ்கரராவ் என்ற இரு ஒலியியல் அறிஞர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளின் நாவளை ஒலிகளை ஒப்பிட்டது. இந்தி பேசுவோரின் நாநுனி பெரும்பாலும் நிமிர்ந்து நின்று முகட்டின் பின்புறத்தைத் தொடுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் நாக்கு இன்னும் சுருண்டு, நுனியின் அடிப்பக்கமே கூரையைத் தொடுகிறது. ஆங்கில ஒலிக்கு வர, தமிழ் நாக்கு இந்தி நாக்கைவிடக் கூடுதல் தூரம் முன்னே நகர வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். பல்முகடு, பல்லுக்கும் கூரை வளைவுக்கும் நடுவில் இருக்கிறது. அப்படியானால் ஆங்கில ஒலி ‘த’ பக்கம் சாயாமல் ‘ட’ பக்கம் சாய்ந்தது ஏன்? ஒரு காரணம் நாக்கின் வடிவம். ‘த’ சொல்லும்போது நாக்கின் முன்பகுதி தட்டையாகப் பரந்து பல்லில் படிகிறது. ஆங்கில ஒலிக்கும் ‘ட’வுக்கும் நாக்கு கூர்மையாக நுனியால் தொடுகிறது. அடைப்பு விடுபடும்போது எழும் சிறு வெடிப்பும் அதனால் ‘த’வைவிட ‘ட’வைப் போலக் கேட்கிறது. இன்னொரு காரணம், ‘த’ என்ற இருக்கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது. தேங்க்ஸ், தியேட்டர் போன்ற சொற்களில் ஆங்கிலேயர் நாக்கைப் பல்லிடையே வைத்து ஊதும் ஒலிக்குத் தமிழர் ‘த’வைக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ‘ட’தான்.

ஆனால் தமிழில் அந்த நடு இருக்கை எப்போதும் காலியாக இருந்ததில்லை. ஆறு வல்லினங்களை அடுக்கும் பள்ளிப் பிள்ளை க, ச, ட, த, ப என்று சொல்லி ‘ற’வோடு முடிக்கும். இன்றைய காதுக்கு ‘ற’ ஓர் உருளொலி. அதைக் கசடதபவோடு சேர்த்தது ஏன் என்று தோன்றும். இலக்கணம் வகுத்தவர்கள் காலத்தில் அது மெய்யாகவே அடைத்து வெடிக்கும் வல்லொலியாக இருந்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ட-ண, ற-ன, த-ந என்ற மூன்று இணைகளுக்கும் தனித்தனிப் பிறப்பிடம் சொல்கிறது. ‘ன’வுக்கு இணையான வல்லினம் ‘ற’. ‘ன’ இன்றும் பல்முகட்டிலேயே பிறக்கிறது. ‘ற்ற’ என்ற இரட்டிப்பு அதே முகட்டில் பிறந்த வல்லொலி, அதாவது ஆங்கிலேயர் இன்று ஒலிப்பதற்கு மிக நெருங்கிய ஒலி.

தமிழ்நாட்டுப் பேச்சு அதைக் கைவிட்டுவிட்டது. காற்று ‘காத்து’ ஆனது, நேற்று ‘நேத்து’ ஆனது. ஏட்டைப் பார்த்து வாசிக்கும்போதுகூட ‘ற்ற’வில் ஓர் ரகர ஓசை கலந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே ‘காற்று’ என்றால் இன்றும் நாநுனி பல்முகட்டில் அழுந்தி விடுபடும், ரகரம் கலக்காது. அதனால் ஈழத்தவர் ஆங்கிலச் சொல்லை எழுதும் முறையே வேறு. கனடாவின் பெருநகரம் தமிழ்நாட்டு இதழ்களில் டொரொன்டோ, ஈழத்தவர் இதழ்களில் ரொறன்ரோ. இணையம் அவர்களுக்கு இன்ரநெற். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த எழுத்துகள் விந்தையாகத் தோன்றலாம். அவை காதில் விழுந்ததை அப்படியே எழுதியவை, அந்த வகையில் நம் எழுத்தைவிடத் துல்லியமானவை. டாலரை மட்டும் அவர்களும் டொலர் என்று ‘ட’ போட்டே எழுதுகிறார்கள். சொல்லின் தொடக்கத்தில் குரலோடு வரும் ஒலிக்கு ‘ற்ற’ கைகொடுப்பதில்லை.

மலையாளத்திலும் இதே கதைதான். தேநீருக்கு அவர்கள் ‘ட’ எழுதினாலும், ஸ்டேஷன், டெஸ்ட் போன்ற சொற்களில் ஸகரத்தை அடுத்து வரும் ஒலிக்குத் தங்கள் இரட்டை றகர வடிவத்தையே எழுதுகிறார்கள். முகட்டு வல்லொலி உயிரோடு இருக்கும் மொழியில் ஆங்கில ஒலி பல இடங்களில் அதைச் சென்றடைகிறது. அது மறைந்த மொழியில் ‘ட’வைச் சென்றடைகிறது.

வளர்ந்தபின் இந்த வேறுபாடு காதில் விழாமல் போவதற்குக் குழந்தைப் பருவமே காரணம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்துக் கேட்டன. 10 முதல் 12 மாதம் ஆனபோது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் புழங்காத வேறுபாட்டைக் காது விட்டுவிடுகிறது. ‘தடி’யையும் ‘டடி’யையும் பிரிக்க ஆங்கிலேயர் திணறுவதைப் போல, முகட்டு ஒலியையும் ‘ட’வையும் பிரிக்கத் தமிழர் திணறுகிறார்கள்.

நாவளை ஒலிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. அவற்றின் அடையாளம் அவற்றுக்கு முன்னால் வரும் உயிரொலியில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. ‘பாடு’ என்னும்போது ‘ஆ’ முடியும் முன்பே நாக்கு மடங்கத் தொடங்குகிறது. அந்த ‘ஆ’வின் வால்பகுதியில் ஓர் இருண்ட, ரகரச் சாயல் ஏறுகிறது. முன்னால் உயிர் இல்லாவிட்டால் இந்தத் துப்பும் இல்லை. ‘ட’ சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய விதி இந்த இயல்போடு அழகாகப் பொருந்துகிறது. பயிற்சிக்கும் இது உதவும். ‘ட’ வந்துவிட்டதா என்று அறிய, அந்த மெய்யை மட்டும் கேட்டால் போதாது, அதற்கு முந்தைய உயிரைக் கேட்க வேண்டும்.

‘ட’ போட்டு ஆங்கிலம் பேசுவது குறையா? இந்தியா முழுவதும் ஆங்கிலம் பெரும்பாலும் அப்படித்தான் பேசப்படுகிறது. நாக்கின் இடம் ஒன்றினால் மட்டும் கேட்பவர் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வது அரிது. உண்மையான குழப்பம் மூச்சில் வருகிறது. ஆங்கிலத்தில் தேநீர்ச் சொல்லின் முதல் ஒலியும் மருத்துவர் சொல்லின் முதல் ஒலியும் வேறு. வசதிக்காக அவற்றை டீ ஒலி, டாக்டர் ஒலி என்று அழைப்போம். அழுத்தம் விழும் அசையின் தொடக்கத்தில் டீ ஒலி வந்தால், அடைப்பு விடுபட்ட பிறகு ஒரு மூச்சுக்காற்று பீறிடும், அதன் பிறகே குரல் தொடங்கும். தமிழர் பலர் அந்தக் காற்றில்லாமல் சொல்கிறார்கள். அப்போது ஆங்கிலேயர் காதில் டீ ஒலி டாக்டர் ஒலியாக விழுகிறது. கழுத்தில் கட்டும் டை, சாவைக் குறிக்கும் டை ஆகிவிடும். பிறநாட்டார் நடுவே பொதுமொழியாக வழங்கும் ஆங்கிலத்தைப் பற்றி 2000இல் நூல் எழுதிய ஜெனிஃபர் ஜென்கின்ஸ், இந்த மூச்சைக் கட்டாயம் காக்க வேண்டியவற்றில் சேர்த்தார். ஆகவே நாக்கை மட்டும் முன்னே கொண்டுவந்து மூச்சை விட்டுவிட்டால் பயிற்சி பாதியில் நின்றதாகவே பொருள்.

நாக்கை நகர்த்துவதற்குப் புதிய இடம் எதையும் தேட வேண்டியதில்லை. ன, ல, ஒற்றை ர மூன்றுக்காகவும் தமிழ் நாக்கு நாள் முழுவதும் பல்முகட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எழுத்தில் வேறாக இருந்தாலும், ‘நான்’ என்பதன் முதல் ஒலியையும் இன்று பெரும்பாலோர் ‘ன’ போலவே சொல்கிறார்கள். ஆக, இடம் தெரியும். அங்கே மூக்கு வழியையும் பக்கவாட்டு வழியையும் அடைத்துக் காற்றை நிறுத்தும் பழக்கம் மட்டுமே இல்லை.

அதை வரவழைக்க ‘ன’விலிருந்து தொடங்குவது எளிது. முதலில் ‘அன்னா’ என்று மெல்லச் சொல்லி, ‘ன்ன்ன்’ என்று நீட்டி நிறுத்த வேண்டும். நாநுனி முகட்டில் அழுந்தியிருப்பதும், நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டியிருப்பதும் தெரியும். பிறகு நாக்கை அசைக்காமல் விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி ‘அன்னா’ சொல்ல வேண்டும். காற்று மூக்கு வழி போக முடியாமல் நாக்கின் பின்னே தேங்கி, நுனியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அந்தக் கணத்தில் கேட்பது டாக்டர் ஒலியின் அண்ணன் தம்பி. கடுஞ்சளி பிடித்தவர் ‘நான்’ என்னும்போது கேட்கும் ஒலியும் இதுவே. சில நாள் இப்படிச் செய்தபின் மூக்கைப் பிடிக்காமலே, உள்நாக்குப் பக்கம் வழியை அடைத்து அதே ஒலியை எழுப்ப முடியும். வாயை மூடிக்கொண்டு ஓசையின்றி ‘ண்’, ‘ன்’, ‘ண்’, ‘ன்’ என்று நாக்கை மட்டும் நகர்த்திப் பார்ப்பதும் நல்லது. காது ஏமாற்றும் இடத்தில் தொடுவுணர்வு ஏமாற்றாது.

டாக்டர் ஒலி பிடிபட்டபின் டீ ஒலிக்குப் போகலாம். அதே இடம், அதே அழுத்தம், தொண்டையில் மட்டும் குரல் இல்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு விரற்கடை தள்ளி மெல்லிய தாள் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு டீ, டைம், டென் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தாள் துள்ள வேண்டும். டாக்டர் ஒலிக்கு அது அவ்வளவாக அசையக் கூடாது. ஸ்டாப், ஸ்டேஷன் போன்ற சொற்களில் ஸகரத்தை அடுத்து வரும் டீ ஒலிக்கு ஆங்கிலேயரும் மூச்சை விடுவதில்லை, அங்கேயும் தாள் அமைதியாக இருக்கலாம். இத்தகைய சொற்களில் ஸகரம் பெரிய துணை. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டும்போதே நாக்கு முகட்டை ஒட்டி நிற்கிறது. நுனியைச் சற்று உயர்த்தி இடைவெளியை அடைத்தாலே வல்லொலி வந்துவிடும். பின்னே இழுத்தால் ஸகரமே ஷகரமாக மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்தால் நாக்கு மடங்கிவிட்டது என்று பொருள்.

இனி ஒரு முழுச் சொல்லை எடுத்துப் பார்க்கலாம். லண்டன் என்று நாம் எழுதும் நகரப் பெயரில் ஆங்கிலேயர் நாக்கு ல், ன், டாக்டர் ஒலி, ன் என்று நான்கு மெய்களைச் சொல்கிறது. நான்கும் பல்முகட்டிலேயே பிறப்பவை. நாநுனி அந்தச் சிறு பரப்பைவிட்டு வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. தமிழர் சொல்லும்போது ‘ல’ முகட்டில் பிறக்கிறது, உடனே நாக்கு பின்னே மடங்கி ‘ண்ட’ சொல்கிறது, பிறகு மறுபடி முன்னே வந்து ‘ன்’ சொல்கிறது. தமிழில் ‘ட’வுக்கு முன் வரும் மூக்கொலி ‘ண்’ ஆகிவிடும் என்பதால் ஒரு வல்லொலி தனக்கு முந்தைய மெய்யையும் பின்னே இழுத்துக்கொண்டு போகிறது. இதைத் திருத்த ‘ட’வைத் திருத்தத் தொடங்கினால் பலன் குறைவு. ‘ண்’ணைத் திருத்த வேண்டும். முதலில் ‘லன்னன்’ என்று ‘ன்ன’வை அழுத்தி மீண்டும் மீண்டும் சொல்லி, நாக்கு முகட்டிலேயே குடியிருக்கப் பழக வேண்டும். பிறகு நடு ‘ன்ன்ன்’னை நீட்டி, அதன் முடிவில் மூக்கு வழியை அடைத்து விடுவித்தால் டாக்டர் ஒலி தானே முளைக்கும். நாக்கு இடம்பெயராது. சென்டர், விண்டோ, கேலண்டர், டென்டிஸ்ட் ஆகியவற்றையும் இதே வழியில் ‘ன்’ முதலில், வல்லொலி பிறகு என்று பழகலாம். மூக்கொலி முன்வரும் சொற்களே பழக்கம் மிக வலுவாகப் பிடித்திருக்கும் சொற்கள். அங்கே நாக்கு நிலைத்தால் மற்ற இடங்கள் எளிது.

தவறு இரண்டு பக்கமும் நிகழும். ‘ட’விலிருந்து தப்பிக்க நினைத்து நாக்கை வெகுவாக முன்னே தள்ளிவிட்டால் பல்லைத் தொட்டு ‘த’ பிறந்துவிடும். அப்போது ஆங்கிலேயர் காதில் ‘நாள்’ என்ற பொருள் தரும் டே, ‘அவர்கள்’ என்ற பொருள் தரும் தே போல ஒலிக்கும். மூச்சற்ற ‘ட’வைவிட இது அதிகக் குழப்பம் தரக்கூடியது. நுனி பல்லைத் தொடாமல் ஈறு மேட்டில் நிற்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒலியியலார் கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசி, ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, மேலண்ணத்தில் எங்கே கறை படிகிறது என்று கண்ணாடி வைத்துப் படமெடுப்பார்கள். வீட்டில் கொக்கோத் தூளைச் சிறிது எண்ணெயில் குழைத்துச் செய்து பார்க்கலாம். நாநுனியின் அடிப்பக்கத்தில் மட்டும் பூசிக்கொண்டு ‘அட்டா’ என்று ஒரு முறை சொன்னால், தமிழ் ‘ட’வானால் கூரையில் கறை படியும். வாயைக் கொப்பளித்து, மறுபடி அடிப்பக்கத்தில் பூசி, புதிதாகப் பழகிய ஒலியை ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவே வைத்துச் சொல்ல வேண்டும். கூரையில் கறை இல்லை என்றால் நாக்கு மடங்கவில்லை. உயிருக்கு நடுவே வைத்துச் சோதிப்பது முக்கியம், ஏனெனில் சொல்லின் தொடக்கத்தில் நாக்கு அவ்வளவாக மடங்காமல் போகக்கூடும்.

கணினி உள்ளவர்கள் Praat என்ற இலவச மென்பொருளில் தங்கள் குரலைப் பதிந்து பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மா, டேவிட் வேனிங்க் இருவரும் உருவாக்கியது அது. ஒலியின் படத்தில் உயிரொலிகள் மேலே மேலே அடுக்கிய கருங்கோடுகளாகத் தெரியும். கீழிருந்து மூன்றாவது கோட்டைக் கவனிக்க வேண்டும். ‘ட’வை நெருங்கும்போது அது சரிந்து இரண்டாவது கோட்டை நோக்கி இறங்கும். பல்முகட்டு ஒலியை நெருங்கும்போது அப்படிச் சரியாது.

பழகிய ஒலி தனிச்சொல்லில் சரியாக வந்து, பேச்சு வேகமெடுத்ததும் ‘ட’வுக்குத் திரும்புவது எல்லோருக்கும் நிகழும். தமிழ் எழுத்தில் மனத்துக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டு பேசுவதே இதற்குப் பெருங்காரணம். லண்டன் என்ற எழுத்துருவம் கண்ணில் நிற்கும்வரை நாக்கு ‘ண்’ணுக்குப் போகும். ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, வல்லொலிகளுக்கு முந்தைய உயிர்களையும் மூக்கொலிகளையும் மட்டும் கேட்டுக் குறித்து, வழுக்கிய சொற்களை மட்டும் மறுபடி பழகுவது வீண் உழைப்பைக் குறைக்கும்.

எல்லா இடத்திலும் முகட்டைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். டிரெயின், டிரீ போன்ற சொற்களில் பின்னே வரும் ரகரம் ஆங்கிலேயர் நாக்கையும் முகட்டுக்குப் பின்னே இழுக்கிறது, அங்கே சற்றுப் பின்வாங்கிய ஒலியே சரி. வாட்டர், பெட்டர், சிட்டி போன்ற சொற்களில் அமெரிக்கர் அடைத்து வெடிப்பதே இல்லை. நாநுனி முகட்டை ஒரு கணம் தட்டிவிட்டுக் கீழிறங்குகிறது. அந்தத் தட்டல் ‘மரம்’ என்னும் சொல்லின் நடுவிலுள்ள ரகரம்தான். அமெரிக்க முறையில் பேச விரும்பும் தமிழர் அந்தச் சொற்களில் இரட்டை ‘ட’வை விட்டு ஒற்றை ‘ர’வைப் போட்டாலே போதும்.